ஃபார்வர்டுக்குப் பதினொன்றரை லட்சம் முடக்கணுமாம், ஃபியூச்சருக்கு மூணு லட்சம் போதும். அப்புறம் ஏன் வங்கி வாசலில் நிற்கிறீங்க?

மார்த்தாண்டம் மணி | 18 அக்டோபர் 2022, இரவு 9.40

மக்கா, முந்திரி உடைச்சுப் பருப்பு எடுக்கிற நம்ம பக்கத்து அண்டி ஆபீஸ்காரங்க எல்லாரும் டாலர் ஏறுதேன்னு வங்கிக்கு ஓடுறாங்க. பின்னால வாங்கப்போற டாலருக்கு இப்பவே ரேட்டைப் பிடிச்சு அங்க ஃபார்வர்டு போட்டா பத்து சதவீதம் டெபாசிட் போடுன்னு உட்கார வச்சிடுறான். அதையே புரோக்கர் மூலமா எக்ஸ்சேஞ்சில் டாலர் ஃபியூச்சரா வாங்கினா ரெண்டரை சதவீதம் ஈட்டுப் பணம், மார்ஜின்தான். வங்கிக்காரன் பதினஞ்சு பைசா உருவுறதும் இல்லை. போன்லயே முடிஞ்சிடும். நான் மூணு வருஷமா இதுலதான் இருக்கேன். பத்து சதவீதம் கட்டுறவன் கணக்குத் தெரியாதவன். யாராவது மறுக்க முடியுமா?

அண்டிஆபீஸ் | 18 அக்டோபர் 2022, இரவு 11.05

மறுக்கவில்லை. அந்த வாசலில் நிற்கிறவன் நான்தான்.

ஐவரி கோஸ்டிலிருந்து தோட்டண்டி, ஓட்டோடு இருக்கும் முந்திரிக் கொட்டை, வாங்கியிருக்கிறோம். 1,37,640 டாலர். வங்கி உத்தரவாதத்தில் 90 நாள் கடன், அதாவது 90 நாள் எல்.சி., கப்பலில் ஏற்றியது செப்டம்பர் 20, பணம் கட்ட வேண்டிய நாள் டிசம்பர் 19. சரக்கு தூத்துக்குடிக்கு வந்து, கருங்கல் ஊரில் உள்ள எங்கள் ஆபீஸுக்கும் வந்து, பாதி வறுத்தாயிற்று. பருப்பு விலை பேசியது டாலர் 80-ல் இருந்தபோது. இன்றைக்கு 82-க்கு மேல்.

எங்கள் வங்கியில் எல்.சி. லிமிட் உண்டு, ஃபார்வர்டு லிமிட் தனியாக வாங்கவில்லை. மேலிடத்தில் அனுமதி வர ஒரு மாதம் ஆகும், அதுவரைக்கும் என்றால் பத்து சதவீதம் ஃபிக்சட் டெபாசிட்டை அடமானமாக வையுங்கள் என்கிறார்கள். 11.4 லட்சம். சீசன் நடுவில் அவ்வளவு பைசாவை எடுத்து மூலையில் வைக்க முடியாது.

குவைத் அக்கா | 19 அக்டோபர் 2022, காலை 6.15

தம்பிமாரே, நான் மாசம் 400 தினார் வீட்டுக்கு அனுப்புறேன். இந்த ரேட்டை இப்பவே பிடிச்சு வைக்க முடியுமா? ஜனவரியில எரணியல் வீட்டுக்குக் கான்கிரீட் போடணும்.

பழைய டீலர் | 19 அக்டோபர் 2022, காலை 8.30

அக்காவுக்கு முதலில். எக்ஸ்சேஞ்சில் ரூபாய்க்கு எதிராக டாலர், யூரோ, பவுண்டு, யென் நான்கும்தான் நடக்கின்றன, தினார் கிடையாது. டாலரில் ஒரு லாட் ஆயிரம் டாலர். நீங்கள் அனுப்பும் தொகைக்கு ஒன்று போட்டால் குறையும், இரண்டு போட்டால் கூடும். இது உங்களுக்கான சாமான் இல்லை. அனுப்பும் அன்றைக்கு நாலு எக்ஸ்சேஞ்ச் கடையில் ரேட் கேளுங்கள், அதுவே லாபம்.

மணிக்கு. ரெண்டரையையும் பத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறீர்கள். வங்கியில் வைக்கும் பத்து, அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து. எக்ஸ்சேஞ்சில் கட்டும் ரெண்டரை ஒரு நாளைக்கு. மறுநாள் விலை எதிரே போனால் அன்றைய நஷ்டத்தை அன்றே ரொக்கமாகக் கட்டி, ரெண்டரையை முழுசாக நிறுத்தி வைக்க வேண்டும். நான் நாற்பது வருஷம் வங்கியில் இருந்தவன், அதனால் வங்கிக்கு வக்காலத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபியூச்சர் நல்ல சாமான்தான். பையில் சில்லறை உள்ளவனுக்கு.

மார்த்தாண்டம் மணி | 19 அக்டோபர் 2022, காலை 9.10

சார், எதிரே போனாத்தானே? டாலர் எங்க இறங்கப்போகுது.

அண்டிஆபீஸ் | 20 அக்டோபர் 2022, இரவு 10.20

வாங்கிவிட்டேன். இன்றைக்கு டாலர் 83-ஐத் தாண்டிப் போனதைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. டிசம்பர் கான்ட்ராக்ட், 137 லாட், சராசரி 83.20. மிச்சம் 640 டாலருக்குப் பாதுகாப்பில்லை. டாலர் இரண்டு ரூபாய் ஏறினாலும் அதில் 1,280 ரூபாய்தான் போகும், ஒரு நாள் சாயாச் செலவு என்று விட்டுவிட்டேன்.

கணக்கு இப்படி. மொத்த மதிப்பு 1 கோடியே 13.98 லட்சம். லாட்டுக்கு 2,150 வீதம் மார்ஜின் 2,94,550. கூடவே 2,25,000 ரூபாய் சும்மா புரோக்கர் கணக்கில் போட்டு வைத்தேன். பழைய டீலர் சார் சொன்ன சில்லறை அது.

ஒப்பிட்டுப் பார்க்க அதே மதியம் வங்கியிலும் டிசம்பர் 19-க்கு ஃபார்வர்டு கேட்டேன். 83.35 சொன்னார்கள், அவர்கள் கமிஷன் 15 பைசாவும் சேர்த்து. அதாவது மணி சொன்ன அந்தப் பதினைந்து பைசாவை மிச்சம் பிடித்தேன்.

ஒன்று கவனித்தேன். ஃபியூச்சர் விலை கால் பைசாப் படியில் நகரும், லாட்டுக்கு ரெண்டரை ரூபாய். அக்டோபர் கான்ட்ராக்டில் வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் நடுவே அந்தக் கால் பைசாதான் இடைவெளி. டிசம்பரில் இரண்டு பைசா, சில நேரம் மூன்று. 137 லாட்டையும் ஒரே மூச்சில் போட்டிருந்தால் நானே விலையைத் தூக்கியிருப்பேன். பத்து பத்தாகப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

பழைய டீலர் | 21 அக்டோபர் 2022, காலை 7.50

பதினைந்து பைசா மிச்சமாகவில்லை. ஃபியூச்சர் உங்களுக்கு டாலர் தராது. டிசம்பர் 19 அன்று ஐவரி கோஸ்ட்காரனுக்குப் போகவேண்டிய டாலரை அதே வங்கியில் அன்றைய ரேட்டில்தான் வாங்குவீர்கள், அப்போது அந்தப் பதினைந்து பைசாவை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எக்ஸ்சேஞ்சில் நடப்பது ரூபாய் வித்தியாசம் மட்டும். முடிவுநாள் வரை வைத்திருந்தாலும் ரெஃபரன்ஸ் ரேட்டில் கணக்கு முடித்து ரூபாய்தான் கொடுப்பார்கள்.

இன்னொன்று. டிசம்பர் கான்ட்ராக்ட் முடிவது 28-ஆம் தேதி, உங்கள் கடன் நாள் 19. பத்தொன்பதாம் தேதி வங்கி ரேட் பேசும் அதே நிமிஷத்தில் ஃபியூச்சரையும் விற்று வெளியே வரவேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் நடுவில் ஓடும் பைசா உங்கள் தலையில்.

அண்டிஆபீஸ் | 1 நவம்பர் 2022, இரவு 8.00

இன்றைக்கு மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்த நாள், கலெக்டர் லீவு விட்டிருக்கிறார். நாகர்கோவிலில் ஆபீஸ் எல்லாம் பூட்டு. மும்பைக்கு மார்ஷல் நேசமணியையும் தெரியாது, 1956-ஐயும் தெரியாது. இன்றைக்கும் சில பைசா பிடித்தார்கள்.

தினமும் ராத்திரி வரும் கணக்குச் சீட்டைப் படிக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன். நேற்றைய செட்டில்மென்ட் விலை, இன்றைய செட்டில்மென்ட் விலை, வித்தியாசம், அதை 1,37,000-ஆல் பெருக்கினால் என் கணக்கில் வரவு அல்லது பற்று. முதல் வாரம் ஒரு குழப்பம்: திரையில் கடைசியாக நடந்த விலை ஒன்று, சீட்டில் இருப்பது வேறு. புரோக்கரிடம் சண்டை பிடித்தேன். கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் சராசரியைத்தான் எடுப்பார்களாம். சண்டைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

தூத்தூர் அலை | 5 நவம்பர் 2022, மாலை 4.30

நமக்குத் தலைகீழ் அண்ணே. நாங்க கணவாய் அனுப்புறவங்க, டாலர் வரும். நான் டிசம்பர் 40 லாட் 83-ல வித்து வச்சிருக்கேன். உங்க கணக்குல போற பைசாதான் எனக்கு வருதுபோல. தினமும் ராத்திரி ஒரு மெசேஜ், வரவு, வரவுன்னு. கடல்ல போகாமலேயே மீன் விழுது.

அண்டிஆபீஸ் | 11 நவம்பர் 2022, இரவு 11.50

தூத்தூர் தம்பி, இன்றைக்கு உன் வலையில் சுறா விழுந்திருக்கும்.

நேற்று ராத்திரி அமெரிக்காவில் விலைவாசிக் கணக்கு வந்திருக்கிறது. 7.7 சதவீதமாம், அவர்கள் பயந்ததைவிடக் குறைவு. உலகம் முழுக்க டாலர் விழுந்தது. இங்கே ஒரே நாளில் ஏறத்தாழ ஒரு ரூபாய். என் டிசம்பர் கான்ட்ராக்ட் நேற்று செட்டில் ஆனது 82.05, இன்றைக்கு 81.00.

1.05 × 1,37,000 = 1,43,850 ரூபாய். ஒரே நாளில்.

நேற்று வரை போனது 1,57,550. நான் போட்டு வைத்த சில்லறையில் மிச்சம் இருந்தது 67,450. ஆக இன்றைக்கு 76,400 துண்டு விழுகிறது. திங்கள் காலைக்குள் கட்டவேண்டும். ராத்திரியும் பணம் அனுப்பலாம்தான், அனுப்ப இருந்தால். நாளைக்கு இரண்டாம் சனி, வங்கி இல்லை, ஓவர்டிராஃப்ட் கூட்டித் தாருங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. இரும்புப் பெட்டியில் 1,60,000 இருக்கிறது, அது சனிக்கிழமைக் கூலி. சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டு எண்ணெயில் தோல் உரிந்து அண்டி தல்லுகிற பெண்களிடம், அமெரிக்காவில் விலைவாசி இறங்கிவிட்டது, அதனால் கூலி திங்கட்கிழமை என்று நான் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால் இன்றைக்கு நான் நஷ்டப்படவே இல்லை. டிசம்பரில் கட்டவேண்டிய கடன் அதே அளவு குறைந்திருக்கிறது. ஆனால் அந்த லாபம் டிசம்பரில் கிடைக்கும், இந்த நஷ்டத்தைத் திங்கட்கிழமை கேட்கிறார்கள்.

மார்த்தாண்டம் மணி | 12 நவம்பர் 2022, காலை 7.30

அண்ணே, நானும் அடி வாங்கினேன், எழுதவே மனசு வரல. 

அண்டிஆபீஸ் | 14 நவம்பர் 2022, மதியம் 1.15

கூலி கொடுத்தேன். புரோக்கர் காலையில் வெட்டிவிட்டார். திறந்ததும் இன்னும் இறங்கியது, 45 லாட்டை 80.80-ல் விற்றிருக்கிறார். போன் பண்ணித்தான் சொன்னார், கேட்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாளில் அந்த உரிமையை நானே கொடுத்திருக்கிறேன், படித்தால் இருக்கிறது. மீதி 92.

அண்டிஆபீஸ் | 14 நவம்பர் 2022, இரவு 9.00

சாயங்காலம் டாலர் திரும்பிவிட்டது. டிசம்பர் 81.50. காலையில் வெட்டி, மாலையில் ஏறுகிறது.

மதியம் எழுதியதில் ஒரு கோபம் இருந்தது, அதை எடுத்துவிடுகிறேன். புரோக்கர் வெட்டாவிட்டால் அவர் என் துண்டை எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டவேண்டும். நான் யார் அவருக்கு?

பழைய டீலர் | 15 நவம்பர் 2022, காலை 8.10

இன்றே அந்த 45 லாட்டையும் திரும்ப வாங்குங்கள். 70 பைசா நஷ்டம், 31,500 ரூபாய். வலிக்கும், ஆனால் கணக்கு மூடிவிடும். இப்போது உங்கள் கடனில் மூன்றில் ஒரு பங்கு கூரையில்லாமல் நிற்கிறது.

ஃபார்வர்டு எடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பேன் என்று நினைப்பீர்கள். தூங்கியிருப்பீர்கள், உண்மை. ஆனால் வங்கியும் தினமும் அதே கணக்கைத்தான் போடுகிறது. உங்களிடம் கேட்காமல் உங்கள் பெயரிலுள்ள லிமிட்டில் ஏற்றிக்கொள்ளும். எல்லை தாண்டினால் கூடுதல் டெபாசிட் கேட்டு ஒரு கடிதம் வரும், நாலு நாள் பேசவும் அவகாசம் இருக்கும். ஃபார்வர்டில் விலையோடு சேர்த்து ஒரு சின்னக் கடனையும் வாங்குகிறீர்கள். ஃபியூச்சரில் அந்தக் கடன் இல்லை, அதனால்தான் தினமும் வசூல்.

அண்டிஆபீஸ் | 3 டிசம்பர் 2022, இரவு 10.30

கோட்டாறு சவேரியார் கோயிலில் தேர் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். உள்ளூர் லீவு, கூட்டம் நெரிகிறது.

திரும்ப வாங்கவில்லை. பதினாறாம் தேதி கையில் பைசா வந்துவிட்டது, பருப்புக்காரர் ஒருவர் பழைய பாக்கியைக் கொடுத்தார். ஆனாலும் வாங்கவில்லை. ஒரு தடவை ஒரு ரூபாய் இறங்கியதைப் பார்த்துவிட்டேன் இல்லையா, இன்னும் 80-க்கு வரும், அப்போது வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். அக்டோபரில் 85-க்குப் போகும் என்று பயந்தவனும் நான்தான். ஏறும்போது ஏறும் என்றும் இறங்கும்போது இறங்கும் என்றும் நம்புகிறவன் ஆபீஸ் வைத்து நடத்துகிறேன்.

மார்த்தாண்டம் மணி | 4 டிசம்பர் 2022, காலை 10.00

138 லாட் போட்டிருந்தா 360 டாலருக்கு லாபம் பார்த்திருக்கலாம்னு அக்டோபர்ல சொல்ல நினைச்சேன். நல்லவேளை சொல்லல.

அண்டிஆபீஸ் | 19 டிசம்பர் 2022, மாலை 6.45

முடிந்தது. போனில் ஒரு காதில் வங்கி, இன்னொரு காதில் புரோக்கர். வங்கி ரேட் 82.85, அதில் சாரின் பதினைந்து பைசா அப்படியே இருக்கிறது. ஃபியூச்சரில் மீதி 92 லாட்டை 82.75-ல் விற்றேன்.

கணக்கு போடுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

வங்கிக்குக் கட்டியது 1,37,640 × 82.85, அதாவது 1,14,03,474. வெட்டுப்பட்ட 45 லாட்டில் நஷ்டம் லாட்டுக்கு 2,400 வீதம் 1,08,000. மீதி 92 லாட்டில் 45 பைசா வீதம் 41,400. எல்லாம் சேர்த்து ஒரு டாலர் எனக்கு விழுந்த விலை 83.94.

137 லாட்டும் கடைசி வரை நின்றிருந்தால் 83.30. வங்கி ஃபார்வர்டு 83.35. இந்த இரண்டுக்கும் ஐந்து பைசாதான் வித்தியாசம் என்பதைப் பாருங்கள், இதற்காகவா அக்டோபரில் இத்தனை பேச்சு.

ஆக மார்ஜின் இல்லாமல் வெட்டுப்பட்டதால் எனக்கு 87,750 ரூபாய் நஷ்டம்.

தூத்தூர் அலை | 19 டிசம்பர் 2022, இரவு 8.20

அண்ணே, ஒண்ணுமே செய்யாம சும்மா இருந்திருந்தா 82.85 தானே? எல்லாரையும்விட அதுதானே மலிவு?

பழைய டீலர் | 20 டிசம்பர் 2022, காலை 7.40

தூத்தூர் தம்பி சொல்வது உண்மை. குடை எடுத்துப்போன நாளில் மழை பெய்யவில்லை. இதற்குமேல் அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை, 85-க்குப் போயிருந்தால் தம்பி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

அண்டிஆபீஸ், 87,750-ஐ இரண்டாகப் பிரியுங்கள். 80.80-ல் வெட்டி, அன்று மாலையே 81.50-ல் வாங்கியிருந்தால் 31,500. அது மார்ஜின் இல்லாததற்கான விலை. மீதி 56,250, அதாவது 81.50-லிருந்து 82.75 வரை 45 லாட்டுக்கு, நீங்கள் 80-க்காகக் காத்திருந்ததன் விலை. அதை ஃபியூச்சர் தலையில் கட்டாதீர்கள்.

அண்டிஆபீஸ் | 20 டிசம்பர் 2022, இரவு 9.15

சரி. பிரித்தாயிற்று. மேலே எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஒரு மறுப்பு மட்டும். ஃபார்வர்டு எடுத்திருந்தால் அந்த 56,250 நஷ்டப்படும் வாய்ப்பே எனக்கு வந்திருக்காது. வங்கி பாதியை வெட்டி என் கையில் ஆசையைக் கொடுத்திருக்காது. அதையும் ஒரு செலவாக எழுதலாமா கூடாதா?

பழைய டீலர் | 21 டிசம்பர் 2022, காலை 8.00

எழுதலாம். எந்தத் தலைப்பில் என்றுதான் தெரியவில்லை.

தூத்தூர் அலை | 29 டிசம்பர் 2022, மதியம் 2.10

என் கதையையும் போட்டுடுறேன். நவம்பர் 11 வரைக்கும் 40 லாட்டுல எண்பதாயிரம் வரவு வந்துது. லாபம்னு நினைச்சு ஐஸ் பிளான்ட் பாக்கியக் கட்டிட்டேன், மிச்சத்துல வீட்டுக்காரிக்கு மிக்சி. அப்புறம் ஒவ்வொரு நாளா பற்று, பற்று. நேத்து கான்ட்ராக்ட் முடிஞ்சுது, ரெஃபரன்ஸ் ரேட் 82.80 கிட்ட. கையில நின்னது எட்டாயிரம் சொச்சம். எழுபத்திரெண்டாயிரம் திரும்பப் போச்சு. கணவாய் டாலர் நல்ல ரேட்டுக்கு வந்ததுனால கணக்கு சரிதான், ஆனா அந்த டாலர் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பைசா போச்சே, அதுக்கு மாமியார்கிட்ட கடன் வாங்கினேன்.

அண்டிஆபீஸ் | 2 ஜனவரி 2023, இரவு 10.00

அக்டோபரில் மணி வைத்த கேள்விக்கு இப்போது ஒரு எண் சொல்ல முடியும்.

ஒரு நாளில் ஒரு ரூபாய் போகும் என்று பார்த்துவிட்டோம், சில வாரத்தில் 2.40 போனது. மூன்று ரூபாய் எதிரே போனாலும் வெட்டுப்படாமல் நிற்கவேண்டும் என்றால் லாட்டுக்கு மூவாயிரம் சில்லறை. 137 லாட்டுக்கு 4.11 லட்சம், அதோடு மார்ஜின் 2.95 லட்சம். ஏழு லட்சம். கோடியே பதினான்கு லட்சத்தில் ஆறு சதவீதம். விலை தாறுமாறாக ஆடும்போது மார்ஜினையும் கூட்டுவார்கள், 2013-ல் ரூபாய் விழுந்தபோது இரட்டிப்பாக்கினார்கள் என்று சார் தனிச் செய்தியில் சொன்னார். அப்படியானால் ஒன்பது, பத்து லட்சம்.

வங்கி கேட்ட 11.4 லட்சம் வட்டியோடு திரும்பி வரும். புரோக்கரிடம் சும்மா கிடக்கும் ரொக்கத்துக்கு வட்டி இல்லை. இரண்டரைக்கும் பத்துக்கும் நடுவே இருந்த பள்ளம் எங்கே போனது மணி?

மார்த்தாண்டம் மணி | 3 ஜனவரி 2023, காலை 9.30

ஏழும் பதினொண்ணும் ஒண்ணா அண்ணே? நாலு லட்சம் நாலு லட்சம்தான். சீசன்ல அதுல ஒரு லோடு கொட்டை வாங்கலாம். அதோட சரக்கு வரலைன்னா, தரம் சரியில்லைன்னு நீங்க திருப்பி அனுப்பிட்டா, ஃபியூச்சர்ல ஒரு பட்டன், வெளிய வந்துடலாம். ஃபார்வர்டை கேன்சல் பண்ண வங்கிக்கு லெட்டர், வித்தியாசம், சார்ஜ். அதையும் எழுதுங்க.

பழைய டீலர் | 3 ஜனவரி 2023, காலை 11.00

இதில் மணி சொல்வது சரி. கேன்சல் பண்ணினால் வித்தியாசம் இரண்டிலும் உண்டு, ஆனால் வங்கியில் அந்த விலையை ஒருவர்தான் சொல்வார், பேரம் பேச ஆள் இல்லை.

மார்த்தாண்டம் மணி | 6 ஏப்ரல் 2024, இரவு 8.30

பழைய இழையைத் தோண்டி எடுக்கிறேன் மக்களே. ரிசர்வ் வங்கி ஜனவரியில போட்ட உத்தரவு, கையில நிஜமான டாலர் வரவோ கடனோ இல்லாதவன் கரன்சி ஃபியூச்சர் போடக்கூடாதாம். நேத்து அமலுக்கு வரவேண்டியது, மே 3-க்குத் தள்ளி வச்சிருக்காங்க. புரோக்கர் எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டார். நான் ஒரு டாலர் கொட்டை வாங்கினதில்லை. கடையைக் கட்டியாச்சு.

பழைய டீலர் | 7 ஏப்ரல் 2024, காலை 8.15

உத்தரவில் காகிதம் காட்டச் சொல்லவில்லை, பத்துக் கோடி டாலர் வரைக்கும். ஆனால் காகிதம் இருக்கவேண்டும். காட்ட வேண்டாம் என்பதை வேண்டாம் என்று படித்தவர்கள்தான் இத்தனை வருஷமும் அங்கே கூட்டமாக இருந்தார்கள். அண்டிஆபீஸுக்குச் சிக்கல் இல்லை, இன்வாய்ஸ் இருக்கிறது. ஆனால் கூட்டம் போனால் திரையில் எதிரே நிற்க ஆள் குறைவு, தள்ளிய மாதக் கான்ட்ராக்டில் இடைவெளி விரியும். நீங்கள் டிசம்பரில் பார்த்த மூன்று பைசாவை மறந்துவிடுங்கள்.

அண்டிஆபீஸ் | 14 மே 2024, இரவு 9.50

மணி போனது வருத்தம்தான். எனக்கு எதிரே விற்ற ஆள் ஒருவேளை அவராகக்கூட இருந்திருக்கலாம்.

போன வருஷமே ஃபார்வர்டு லிமிட் வாங்கிவிட்டேன், ஐந்து சதவீத டெபாசிட்டில். இந்த சீசனுக்கு 94,215 டாலர், சில்லறை உட்பட ஒரே ஒப்பந்தம், ஒரே கையெழுத்து. ராத்திரி மெசேஜ் இல்லை. மூன்று வாரம் ரேட்டையே பார்க்கவில்லை.

பிறகு கப்பல் கொழும்பில் மாறுவதில் பத்து நாள் தேங்கியது. இந்தத் தடவை எல்.சி. இல்லை, காகிதம் வந்தால் பணம் என்ற ஏற்பாடு. காகிதம் வரவில்லை, ஃபார்வர்டு நாள் வந்துவிட்டது. பழையதைக் கேன்சல் பண்ணி, பத்து நாள் தள்ளிப் புதியது போட்டார்கள். வித்தியாசம், சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 6,100 ரூபாய். மணி, சிரிக்கலாம்.

பழைய டீலர் | 15 மே 2024, காலை 7.30

ஒரே நாளைக்குப் போடாமல், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன் என்று ஒரு மாத அவகாசத்தோடு கேட்டிருக்கலாம். ஃபியூச்சரில் அப்படி ஒன்று கிடையாது. வங்கி கடைசி நாள் வரைக்குமான பிரீமியத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

குவைத் அக்கா | 15 மே 2024, காலை 9.00

வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாச்சு தம்பிமாரே. நாலு கடையில ரேட் கேட்டேன், சார் சொன்ன மாதிரி.

அண்டிஆபீஸ் | 16 மே 2024, இரவு 10.10

மேலாளரிடம் கேட்டேன். ஒரு மாத அவகாசத்துக்கு டாலருக்கு ஒன்பது பைசா கூடுதல். 94,215 டாலருக்கு 8,479 ரூபாய். கேட்டு வாங்கியிருந்தால் அந்த 8,479, கேட்காமல் மாட்டியதில் 6,100. ஆனால் கப்பல் இருபத்தைந்து நாள் தேங்கி, நடுவில் டாலரும் ஆடியிருந்தால்?

அடுத்த லோடு ஜூன் முதல் வாரம் ஏறுகிறது, மறுபடியும் கொழும்பு வழி. மேலாளருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.